பனோரமாவுக்கு அடியில தெரியற ட்ரைபாடையும் காலையும் எடுக்கறது எப்படி

கேள்வி: "அண்ணே, காரைக்குடி பக்கம் ஒரு பழைய வீட்டு வளவுல 360 பனோரமா எடுத்தேன். 8 எம்எம் ஃபிஷ்ஐ, சுத்தி 6 ஷாட், மேல 1. ஹக்கின்ல ஸ்டிச் நல்லா வந்திருக்கு, ஆனா குனிஞ்சு பார்த்தா ட்ரைபாடும் என் காலும் தெரியுது. தரை ஆத்தங்குடி டைல்ஸ், க்ளோன் ப்ரஷ் அடிச்சா சுருள் சுருளா வருது. ட்ரைபாட எடுத்துட்டு கையில பிடிச்சு கிட் லென்ஸ்ல தரையை ஒரு ஷாட் எடுத்து வச்சிருக்கேன், அதை ஹக்கின்ல சேர்த்தா மொத்த பனோரமாவே கோணிக்குது. என்ன பண்றது?"

தம்பி, தரை ஷாட் ஒண்ணு எடுத்து வச்சிருக்கீங்க பாருங்க, அதனால பாதி வேலை முடிஞ்சுது. ஆனா அதை ஹக்கின்ல மத்த 7 ஷாட்டோட சேர்த்துப் போட்டதுதான் தப்பு. ஆப்டிமைசர் சாதாரணமா எல்லா படமும் ஒரே புள்ளியில நின்னு எடுத்ததுன்னு நம்பித்தான் கணக்கு போடும், நீங்க கையில பிடிச்ச ஷாட் ஒரு சாணோ ரெண்டு சாணோ தள்ளி இருக்கும், அந்த தள்ளலை எங்கயும் வைக்க முடியாம மத்த படங்களோட கோணத்தையும் லென்ஸ் அளவையும் இழுத்து சமாளிக்கப் பாக்கும். அதான் கோணிக்குது. அந்த ஷாட்டை ப்ராஜெக்ட்லேர்ந்து தூக்கிடுங்க, 7 ஷாட்டை மட்டும் வச்சு முதல்ல பனோரமாவை முடிச்சிருங்க, தரையை தனியா ஒட்டிக்கலாம்.

சுருள் ஏன் வருதுன்னா, உங்க 12000 x 6000 படத்துல அடி வரிசை இருக்கே, அதுல இருக்கற 12000 பிக்சலும் நிஜத்துல ஒரே ஒரு புள்ளி, கேமராவுக்கு நேர் கீழ இருக்கற புள்ளி. அதுலேர்ந்து 10 டிகிரி வெளிய வந்தாலும், அதாவது அடியிலேர்ந்து 333 பிக்சல் மேல, அங்க படம் பக்கவாட்டுல கிட்டத்தட்ட 6 மடங்கு இழுபட்டு இருக்கு. அந்த இழுப்புல நீங்க வட்ட ப்ரஷ் அடிக்கறீங்க, வ்யூவர் அதை திரும்ப சுருட்டி ஒரு புள்ளியில கொண்டு வந்து சேர்க்குது, குளியலறை தண்ணி ஓட்டைக்குள்ள போற மாதிரி ஆயிடுது. நீளப் படத்துல தரையைத் தொடவே கூடாது. தரையை நேரா குனிஞ்சு பார்த்த மாதிரி ஒரு சதுரப் படமா வெளிய எடுத்து, அதுல வேலை பார்த்து, திரும்ப உள்ள வைக்கணும்.

சிமெண்ட் தரை, மண், புல்லுன்னா அந்த சதுரத்துலயே ஜிம்ப்ல ஹீல் ப்ரஷ்ஷோ ரீசிந்தசைசர் ப்ளகினோ போட்டு 10 நிமிஷத்துல முடிச்சிரலாம், இவ்வளவு கதை வேண்டாம். ஆத்தங்குடி டைல் அப்படி இல்ல. கண்ணாடித் தகட்டு மேல கலர் கலவையை கையால ஊத்தி செய்யறது, ஒரு பூ மாதிரி இன்னொரு பூ இருக்காது, பக்கத்து டைல க்ளோன் பண்ணி வச்சா அதே கறை அதே விரிசல் ரெண்டு இடத்துல நிக்கும், இணைப்புக் கோடும் ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் விலகி நிக்கும். அதனால நிஜத் தரையோட போட்டோதான் உள்ள போகணும்.

இன்னொரு இடத்துலேர்ந்து எடுத்த போட்டோ எப்படி பொருந்தும்னு கேப்பீங்க. சமதளமா இருக்கற ஒரு பரப்பை எங்கேர்ந்து எடுத்தாலும், எவ்வளவு சாய்ச்சு எடுத்தாலும், நாலு மூலையைப் பிடிச்சு இழுத்தா இன்னொரு கோணத்துலேர்ந்து எடுத்த படத்து மேல துல்லியமா உக்காரும். கேமரா உயரம் மாறியிருந்தாலும் பரவாயில்ல. ஆனா இது தரைக்கு மட்டும்தான், தரையை விட்டு மேலயோ கீழயோ இருக்கற எதுக்கும் இது பொருந்தாது. இதை மனசுல வச்சுக்கங்க, வளவு முற்றத்துல இதுதான் உங்களைக் கடிக்கப் போகுது, அப்புறம் வரேன்.

முதல்ல உங்க கால். 6 ஷாட்டுக்கும் நீங்க கேமரா பின்னாடியே சுத்தி நடந்திருப்பீங்க, ஏதோ ஒரு ஷாட்டோட ஓரத்துல செருப்பு மாட்டியிருக்கும். அதே இடம் பக்கத்து ஷாட்லயும் இருக்கும், அங்க நீங்க நிக்க மாட்டீங்க. ஹக்கின்ல மாஸ்க் பக்கத்துக்குப் போய் அந்த ஷாட்ல காலைச் சுத்தி Exclude region போட்டு திரும்ப ஸ்டிச் பண்ணுங்க, கால் போயிரும். காலோட நிழலையும் சேர்த்து வளைச்சுப் போடுங்க, நிறைய பேர் காலை எடுத்துட்டு நிழலை விட்டுடுவாங்க, ஆளில்லாத நிழல் ஒண்ணு தரையில நிக்கும். ட்ரைபாடை இப்படி எடுக்க முடியாது, அது எல்லா ஷாட்லயும் அதே இடத்துல இருக்கு.

இப்ப தரையை வெளிய எடுக்கலாம். ஹக்கினோட சேர்ந்தே nonaங்கற கமாண்ட் வந்திருக்கும். முடிச்ச பனோரமாவை `pano.tif`னு வச்சுக்கிட்டு, இதை `extract.pto`ன்னு சேவ் பண்ணுங்க:

```
p f0 w4000 h4000 v90 n"TIFF_m"
i f4 w12000 h6000 v360 r0 p90 y0 n"pano.tif"
```

```
nona -o floor extract.pto
```

`floor0000.tif`னு 4000 x 4000 சதுரம் ஒண்ணு வரும், 90 டிகிரி அகலம், நடு மையத்துல ட்ரைபாட். தரைக்கு பதிலா கூரை வந்துச்சுன்னா p90-ஐ p-90 ஆக்குங்க. 4000 எங்கேர்ந்து வந்துச்சுன்னா, 12000-ஐ π-யால வகுத்தா 3820, அந்த அளவு வச்சாதான் நடுவுல இருக்கற நுணுக்கம் குறையாம வெளிய வரும், நான் கொஞ்சம் கூட வச்சிருக்கேன். 2000 வச்சு எடுத்தீங்கன்னா கடைசியில தரையில மட்டும் ஒரு மங்கலான வட்டம் நிக்கும்.

உங்க லென்ஸ் தரையிலேர்ந்து ஒன்றரை மீட்டர் உயரம்னு வச்சுக்குவோம், அப்ப இந்த சதுரம் தரையில 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஒரு மீட்டருக்கு 1333 பிக்சல். ட்ரைபாட் கால் மையத்துலேர்ந்து அரை மீட்டர் விரிஞ்சிருந்தா அது 670 பிக்சல் ஆரம். டைல் 8 இஞ்ச்னா ஒண்ணு 271 பிக்சல் வரும். உங்க கைப்பிடி ஷாட் கிட் லென்ஸ்ல 18 எம்எம்ல எடுத்தது, கிராப் சென்சார்ல ஒன்றரை மீட்டர் உயரத்துலேர்ந்து சுமார் 1.8 மீட்டருக்கு 1.2 மீட்டர் தரை விழும், ட்ரைபாட் இருந்த வட்டத்தை மூட அது போதும், நுணுக்கமும் இந்த சதுரத்தை விட ரெண்டு மடங்குக்கு மேலயே இருக்கு. ஒட்டறதுக்கு முன்னாடி அதுக்கு லென்ஸ் கரெக்‌ஷன் கட்டாயம் போடுங்க, கிட் லென்ஸ் 18-ல கோடெல்லாம் வயிறு தள்ளிட்டு இருக்கும், நாலு மூலை பொருந்தினாலும் நடுக் கோடு பொருந்தாது.

இப்ப ரெண்டு படத்துலயும் தெளிவா தெரியற அதே நாலு டைல் மூலையைக் கண்டுபிடிக்கணும். இங்கதான் பொறுமை வேணும், எல்லா டைலும் ஒரே மாதிரி இருக்கறதால ஒரு டைல் தள்ளி எண்ணிட்டா எல்லாமே அழகா பொருந்தின மாதிரி தெரியும், ஆனா தப்பான தரை. ஒரு உடைஞ்ச மூலை, ஒரு கறை, பூவுல நிறம் வழிஞ்ச இடம், இப்படி ஒரு அடையாளத்தை முதல்ல பிடிச்சுக்கிட்டு அங்கேர்ந்து எண்ணுங்க. அடுத்த தடவை போறப்ப ட்ரைபாடை எடுக்கறதுக்கு முன்னாடியே கால்களுக்கு வெளிய ரெண்டு இடத்துல சின்னதா பேப்பர் துண்டு போட்டு வைங்க, வீட்டுக்காரங்க தரைங்கறதால சாக்பீஸ் வேண்டாம், பேப்பர் போதும்.

நான் 5 டைலுக்கு 5 டைல் சதுரம் எடுப்பேன், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் பக்கம், அதோட மூலை நாலும் ட்ரைபாட் காலுக்கு வெளிய விழும், பனோரமாவுலயும் தெரியும். மூலை எவ்வளவு தூரமா இருக்கோ அவ்வளவு நல்லது, பக்கத்து பக்கத்துல நாலு புள்ளி வச்சா ஒரு பிக்சல் தப்பு வெளிய போகப் போக அஞ்சு பிக்சலா பெருகும். கைப்பிடி படத்துல (6000 x 4000) மூலை விழுந்த இடமும், சதுரத்துல அதே மூலை விழுந்த இடமும் ஜோடி ஜோடியா எழுதிக்கிட்டு, கரெக்‌ஷன் போட்ட கைப்பிடி படத்தை `nadir.tif`னு சேவ் பண்ணி, ImageMagick-ல இப்படி கொடுங்க:

```
magick nadir.tif -alpha set -virtual-pixel transparent \
  -define distort:viewport=4000x4000+0+0 \
  -distort Perspective "1370,350 1322,1340  4655,395 2677,1313  4610,3640 2704,2668  1325,3590 1349,2695" \
  +repage warp.tif
```

ஒவ்வொரு ஜோடியிலயும் முதல்ல கைப்பிடி படத்தோட புள்ளி, அடுத்து அது போய் உக்கார வேண்டிய இடம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுது வேற வரும். ஆனா ஒண்ணு கவனிங்க, போய் உக்காரற நாலு புள்ளியும் ஒரு சரியான சதுரமா இருக்கு, பக்கம் 1355, அதாவது 5 டைல். உங்களுக்கு அது சதுரமா வராம சரிவகமா வந்தா பனோரமா லெவல் இல்லன்னு அர்த்தம், தரை நேர் கீழ இல்லாம சாஞ்சு நிக்குது. அதனால ஒட்டு கெடாது, ஆனா சுவர்க் கோடு வச்சு ஹக்கின்ல நிமித்திட்டு திரும்ப ஆரம்பிக்கறது நல்லது. ஜிம்ப்ல பர்ஸ்பெக்டிவ் டூல் வச்சு கையால இழுத்தும் இதே வேலையைச் செய்யலாம், எனக்கு எண் போடறது பிடிக்கும், ஏன்னா ஒரு மூலை மூணு பிக்சல் தப்புன்னா அந்த ஒண்ணை மட்டும் மாத்தி திரும்ப ஓட்டலாம்.

`floor0000.tif` கீழ, `warp.tif` மேல, ரெண்டையும் ஜிம்ப்ல லேயரா போட்டு மேல் லேயரை Difference மோடுக்கு மாத்துங்க. பொருந்தின இடம் கறுப்பா இருக்கும், பொருந்தாத இடத்துல இணைப்புக் கோடு ரெண்டா வெள்ளையா தெரியும். நாலு மூலையும் கறுப்பு, மூலைகளுக்கு நடுவுல மட்டும் கோடு ரெட்டையா வந்தா லென்ஸ் கரெக்‌ஷன் சரியில்ல. ஒரு பக்கம் முழுக்க ரெட்டையா வந்தா அந்தப் பக்கத்து மூலை தப்பு. எல்லாம் சரியா இருந்தும் ஒரே ஒரு டைல் மட்டும் ஒட்டலன்னா அந்த டைல் தரையிலேர்ந்து எழும்பி நிக்குது, பழைய வீட்டுல அது சகஜம், அதை விட்டுருங்க.

இப்ப முற்றத்து ஓரம். ட்ரைபாடுக்குப் பக்கத்துல தரை முடிஞ்சு முற்றம் ஒரு படி இறங்குதுன்னு வச்சுக்குவோம், 20 சென்டிமீட்டர். உங்க கைப்பிடி கேமரா பழைய இடத்துலேர்ந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருந்திருந்தா, மேல் தரை துல்லியமா பொருந்தியிருக்கும்போதே கீழ் படி 1.8 சென்டிமீட்டர் தள்ளி நிக்கும், நம்ம சதுரத்துல அது 24 பிக்சல். எவ்வளவு இழுத்தாலும் ரெண்டும் ஒரே நேரத்துல பொருந்தாது. தூண் அடிக்கல், கதவு நிலை, நாற்காலிக் கால் எல்லாத்துக்கும் இதே கதைதான். அதனால கைப்பிடி படத்துலேர்ந்து ட்ரைபாட் மறைச்ச தரையை மட்டும் எடுக்கணும், மிச்சம் எல்லாம் பனோரமாவோடதாவே இருக்கட்டும். மேல் லேயரை திரும்ப Normal மோடுக்கு மாத்தி, அதுக்கு கறுப்பு மாஸ்க் போட்டு ட்ரைபாட் கால்களைச் சுத்தி மட்டும் வெள்ளை அடிங்க, மாஸ்க் ஓரம் முடிஞ்ச வரை இணைப்புக் கோட்டு மேலயே ஓடட்டும், டைல் நடுவுல ஓடினா நிற வித்தியாசம் கண்ணுல படும், கோட்டு மேல ஓடினா ரெண்டு டைலுக்கும் இருக்கற இயல்பான வித்தியாசம்னு கண்ணு விட்டுரும். இது நான் ரொம்ப லேட்டா கத்துக்கிட்ட விஷயம்.

ட்ரைபாட் கால் படிக்கு மேல விழுந்து படி ஓரத்தையே மறைச்சிருந்தா ரெண்டு தடவை இழுக்கணும், மேல் தரைக்கு நாலு புள்ளி, கீழ் படிக்கு வேற நாலு புள்ளி, ரெண்டு லேயர், ஓரத்துல சந்திக்க வைக்கணும். படியோட செங்குத்து முகம் ரெண்டுலயும் பொருந்தாது, அதை கையால வரையத்தான் வேணும். அதுக்கு பதிலா அடுத்த தடவை ட்ரைபாடை ஓரத்துலேர்ந்து ஒரு மீட்டர் உள்ள வச்சுருங்க.

வெளிச்சம் பொருந்தறதுதான் நிறைய பேருக்கு மாட்டற இடம். பனோரமாவும் தரை ஷாட்டும் ஒரே மேனுவல் எக்ஸ்போஷர், ஒரே ஒயிட் பேலன்ஸ்ல எடுத்திருந்தாலும், லென்ஸ் வேற, அதோட நீங்க கேமராவைப் பிடிச்சு குனிஞ்சு நிக்கறப்ப உங்க உடம்பே முற்றத்து வெளிச்சத்தை மறைக்கும். அதனால ஒட்டின தரையில உங்க பக்கம் மட்டும் ஒரு மந்தமான கருமை இருக்கும், முழுசா பிரகாசத்தைக் கூட்டினா எதிர்ப் பக்கம் வெளுத்துப் போகும். முதல்ல கர்வ்ஸ் வச்சு எதிர்ப் பக்கத்தை பொருத்துங்க, அப்புறம் இன்னொரு கர்வ்ஸை உங்க பக்கத்துலேர்ந்து எதிர்ப் பக்கத்துக்கு கிரேடியண்ட்டா குறைஞ்சு போற மாதிரி போடுங்க. படத்தை ரொம்ப சின்னதா ஜூம் அவுட் பண்ணி கண்ணைச் சுருக்கிப் பாருங்க, பேட்ச் தெரியுதுன்னா இன்னும் வேலை பாக்கி.

ஆத்தங்குடி தரை தேய்க்கத் தேய்க்க பளபளன்னு இருக்கும், அதுல முற்றத்து வானமும் ஜன்னலும் பிரதிபலிக்கும். அந்தப் பிரதிபலிப்பு தரை மேல ஒட்டி இருக்கற பொருள் இல்ல, நீங்க நகர்ந்தா அதுவும் நகரும், அதனால டைல் பொருந்தினாலும் பளபளப்பு பொருந்தாது. போலரைசர் போடலாமான்னு கேப்பாங்க, நேர் கீழ பாக்கறப்ப அது கிட்டத்தட்ட எதுவும் பண்ணாது, சாய்வா பார்த்தாத்தான் வேலை செய்யும். இதுக்கு இருக்கற வழி ரெண்டே ரெண்டு, கைப்பிடி கேமராவை பழைய இடத்துக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட வைக்கறது, பேட்சை சின்னதா வைக்கறது. மோனோபாடை இடுப்புல ஊன்றி முன்னால நீட்டி டைமர் போட்டு எடுத்தீங்கன்னா ஆளும் தள்ளி நிப்பீங்க, கேமராவும் நடுவுல இருக்கும்.

வெளியில வெயில்ல எடுத்தா சூரியனைப் பார்த்து நின்னு, கேமராவை சூரியன் பக்கமா நீட்டுங்க, உங்க நிழல் முதுகுப் பக்கம் விழும். உச்சி வெயில்ல இது நடக்காது, அதுவும் ஏப்ரல் நடுவுல காரைக்குடியில சூரியன் தலைக்கு நேர் மேல வந்துரும், கேமரா நிழல் அதோட காலடியிலயே கிடக்கும். அப்ப ரெண்டு ஷாட், ஒண்ணு வலப் பக்கம் நின்னு ஒண்ணு இடப் பக்கம் நின்னு, ஒண்ணுல நிழல் விழுந்த இடத்தை இன்னொண்ணு மூடும், ரெண்டையும் அதே சதுரத்துக்கு இழுத்து மாஸ்க் போடுங்க. வெயில் சாஞ்சிருக்கறப்ப ட்ரைபாடோட நிழல் பேட்சை விட நீளமா வெளிய போகும், அதையும் இந்த ஷாட்டுலயே சேர்த்து மூடற மாதிரி ஃப்ரேம் வைங்க.

திரும்ப உள்ள வைக்கறது சுலபம். லேயரெல்லாம் ஒண்ணாக்கி, ட்ரான்ஸ்பரன்சி இல்லாம `patch.tif`னு சேவ் பண்ணிட்டு `insert.pto`ல இதைப் போடுங்க:

```
p f2 w12000 h6000 v360 n"TIFF_m"
i f0 w4000 h4000 v90 r0 p-90 y0 n"patch.tif"
```

```
nona -o back insert.pto
```

`back0000.tif`ல அடிப்பகுதி மட்டும் இருக்கும், மேல எல்லாம் காலி. அதை அசல் பனோரமா மேல லேயரா போடுங்க. அப்படியே விட்டா நல்லா இருந்த தரையும் ரெண்டு தடவை வளைஞ்சு எடுத்ததுல லேசா மங்கும், அதனால ஒரு மாஸ்க் போடணும், இது இங்க ரொம்ப வசதி, ஏன்னா தரையில நேர் கீழ் புள்ளியைச் சுத்தி இருக்கற வட்டம் நீளப் படத்துல ஒரு நேர் கிடைக்கோடு. நம்ம 5 டைல் சதுரத்தோட மூலையே 26 டிகிரிக்குள்ள முடிஞ்சிருது. மேலேர்ந்து 4800-வது வரிசை வரைக்கும் கறுப்பு, 4900-லேர்ந்து கீழ வெள்ளை, நடுவுல கிரேடியண்ட், அவ்வளவுதான். அந்த எல்லையில ரெண்டு லேயரும் அதே பனோரமா படம்தான், அதனால ஒட்டே தெரியாது. p-90 குறி தப்பிப் போச்சுன்னா தரை கூரையில போய் உக்காரும், பயப்படாதீங்க.

ஜிம்ப்லேர்ந்து ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்றப்ப 360-ன்னு சொல்ற மெட்டாடேட்டா காணாமப் போயிருக்கலாம், அப்ப அப்லோட் பண்ணா வெறும் நீளப் படமா நிக்கும். போயிருந்தா exiftool-ங்கற டூல்ல இப்படி திரும்ப எழுதுங்க:

```
exiftool -XMP-GPano:ProjectionType=equirectangular pano_done.jpg
```

செக் பண்றப்ப வ்யூவர்ல நேர் கீழ பார்த்து மெதுவா ஒரு முழு சுத்து சுத்துங்க. பேட்ச் ஓரத்தைத் தாண்டிப் போற ஒவ்வொரு இணைப்புக் கோடையும் கண்ணால பின்தொடருங்க, உடைஞ்சா அங்கதான் உடையும். அப்புறம் பார்வையை 45 டிகிரிக்குத் தூக்கி இன்னொரு சுத்து, வெளிச்ச வளையம் இருந்தா நேர் கீழ பாக்கறப்ப தெரியாது, இப்படி சாய்வா பாக்கறப்பதான் தெரியும்.

தரை நடுவுல வட்டமா லோகோ வச்சு மூடற பழக்கம் ஒண்ணு இருக்கு, அவசரத்துக்கு பரவாயில்ல, ஆனா இந்த மாதிரி வீட்டுல தரைதான் அழகே, அதுல போய் லோகோ வைக்க எனக்கு மனசு வராது. கைப்பிடி ஷாட் மங்கலா இருந்து எதுவுமே பொருந்தலன்னா வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு திரும்பப் போய் தரை ஷாட் மட்டும் எடுத்துட்டு வாங்க, அதே நேரத்துல போங்க, முற்றத்து வெளிச்சம் காலையில விழற பக்கம் வேற, சாயங்காலம் வேற. டைல் அங்கயேதான் இருக்கும், ட்ரைபாட் இருந்த இடத்தை உங்க படத்துல தெரியற கறையையும் உடைஞ்ச மூலையையும் வச்சே கண்டுபிடிச்சுரலாம்.